எட்டும் எட்டும் ஒன்றுதானா?

அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மேசையில் அது இருந்த இடத்திலேயே மறுபடி பொருந்தும்படி எட்டு விதமாக வைக்கலாம். 0, 90, 180, 270 பாகை என்று நான்கு சுழற்றல்கள். இரண்டு நடுக்கோடுகளையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அச்சாக வைத்து நான்கு புரட்டல்கள். எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் விளைவு இந்த எட்டுக்குள்தான் அடங்கும். இது எட்டு உறுப்புகள் கொண்ட ஒரு குலம்.

அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன் 1843-இல் கண்டறிந்த குவாட்டர்னியன்களிலும் ஓர் எட்டு உண்டு: 1, −1, i, −i, j, −j, k, −k. இங்கே i² = j² = k² = −1. ij = k, ஆனால் ji = −k.

பெயர்களை மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே குலமாகிவிடுமா? அப்படியானால், பெருக்கல் பலன்களும் பொருந்தும்படி உறுப்புக்கு உறுப்பு இணை சேர்க்க முடிய வேண்டும். எட்டை எட்டோடு இணைக்க 40,320 வழிகள். அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை. பெயர் மாறினாலும் மாறாத அடையாளங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் மையம். எல்லா உறுப்புகளோடும் முன்பின் மாற்றிப் பெருக்கினாலும் ஒரே விடை தருகிற உறுப்புகளின் தொகுப்பு அது. சதுரத்தில் 0, 180 பாகைச் சுழற்றல்கள் மட்டும் அப்படிப்பட்டவை. 90 பாகை திருப்பிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுத் திருப்புவதும் வேறு வேறு நிலைகளைத் தரும். குவாட்டர்னியனில் மையம் 1, −1. இரண்டு பக்கமும் இரண்டே உறுப்புகள், வேறுபாடு தெரியவில்லை.

அடுத்தது உறுப்பின் வரிசை: ஓர் உறுப்பைக் குறைந்தது எத்தனை முறை தொடர்ந்து பெருக்கினால் சமனி உறுப்பு கிடைக்கும் என்ற எண். சதுரத்தில் நான்கு புரட்டல்களுக்கும் 180 பாகைச் சுழற்றலுக்கும் வரிசை 2. ஆக ஐந்து உறுப்புகள். குவாட்டர்னியனில் −1 ஒன்றுக்குத்தான் வரிசை 2. I, j, k ஆகியவற்றுக்கும் அவற்றின் எதிர்க்குறி வடிவங்களுக்கும் 4. பெருக்கலைக் காக்கும் இணைப்பில் வரிசை 2 உள்ள உறுப்புக்கு இணையும் வரிசை 2 உள்ளதாகவே இருந்தாக வேண்டும். ஐந்து புரட்டல், சுழற்றல்களுக்கு அங்கே இருப்பது ஒரே இணை. எனவே இவை வேறு வேறு குலங்கள்.

சில இடங்களில் வரிசை கைவிட்டு, மையம் கைகொடுக்கும். 0, 1, 2 ஆகிய எண்களால் ஆன மும்மைகளை, 3-ஆல் வகுத்த மீதியாக உறுப்புவாரியாகக் கூட்டினால் 27 உறுப்புகள். அதே எண்களை மூலைவிட்டத்துக்கு மேலே நிரப்பி, மூலைவிட்டத்தில் 1-களும் கீழே 0-களும் வைத்த 3×3 அணிகளை, 3-ஆல் வகுத்த மீதியாகப் பெருக்கினாலும் 27. இரண்டிலும் சமனி தவிர மற்ற 26-க்கும் வரிசை 3. ஆனால் முதலாவதின் மையத்தில் 27 உறுப்புகளும் உண்டு, இரண்டாவதில் மூன்றுதான்.

ஓர் எச்சரிக்கை: இந்த அடையாளங்கள் மாறுபட்டால் குலங்கள் வேறு என்பது உறுதி, ஒத்துப்போனால் ஒன்று என்று முடிவுகட்டக் கூடாது. 16 உறுப்புகள் கொண்ட குலங்களிலேயே, வரிசைக் கணக்கும் மையமும் ஒத்திருந்தும் வேறான இரண்டு உண்டு. அவற்றைப் பிரிக்க, எத்தனை உறுப்புகள் வேறோர் உறுப்பின் வர்க்கமாக வருகின்றன என்று எண்ண வேண்டும்: ஒன்றில் இரண்டு, மற்றதில் மூன்று.