அஞ்சு வருஷம் முடியட்டும்

"அஞ்சு வருஷம் முடியட்டும், கிராஜுவிட்டியை வாங்கிட்டு வேலையை விடு கண்ணு." கால் சென்டரில் இரவு ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் பலர் வீட்டில் கேட்கும் பேச்சு இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் பிறகு 5 வருடத்தாலும் பெருக்க வேண்டும். வருவது 37,500 ரூபாய். பி.எஃப். பணமோ வேலையை விட்டாலும் போகாது. புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உடம்பின் கணக்கு வேறு. பகல் வெளிச்சத்தில் தூக்கம் ஆழமாக வராது. நள்ளிரவில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறும். விடுமுறை நாளில்கூட இரவில் தூக்கம் பிடிக்கவில்லையா? ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உடனே பார்த்துவிடுவது நல்லது.

வேலையை விடுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா என்றுதான் வீட்டில் சண்டை நடக்கிறது. நடுவே ஒரு வழி இருப்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், மருத்துவரின் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை ஓய்வெடுக்கலாம். சம்பளத்தில் சுமார் 70 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். உதவித்தொகை பெறும் நாட்களில் முதலாளி வேலையைவிட்டு நீக்க முடியாது. "சம்பளம் நின்னுடுமே" என்று கவலைப்படும் அப்பாவிடம் முதலில் காட்ட வேண்டியது இந்த விதியைத்தான்.