உங்களுக்குத் தெரியுமா? டீ ஏன் அவ்வளவாகப் படபடக்க வைப்பதில்லை?

கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறுமுன் கள்ளக்குறிச்சியில் ஒரு டீ குடித்தால் தெம்பு மெல்ல வரும். காபியோ சட்டென்று தூக்கிவிடும். சிலருக்குக் கை நடுக்கமும் தரும். காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதிதான் டீயில் இருக்கிறது. கூடவே, காபியில் இல்லாத தியானைன் என்ற அமினோ அமிலமும் உண்டு. 1949இல் ஜப்பானில் தேயிலையில் கண்டறியப்பட்ட இது, தூக்கம் வரவைக்காமல் மனத்தைத் தளர்த்தும். கஃபீனோடு சேர்ந்தால் கவனம் சிதறுவதையும் குறைக்கும். ஆனால் ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தது பெரும்பாலும் 100 மில்லிகிராமும் அதற்கு மேலும். ஒரு டம்ளர் டீயில் பொதுவாக 25க்கும் கீழேதான். ஆகவே பெருமையில் பெரும்பங்கு குறைந்த கஃபீனுக்கே. தூளை அள்ளிப்போட்டு 'ஸ்ட்ராங்'காகக் கொதிக்கவிட்டால் கஃபீனும் ஏறும். இரவில் தூக்கம் கெடுபவர்கள் மாலையில் லைட் டீ கேளுங்கள்.