ஆறு ஜிபிக்குள் ஒரு ஹால்

டெக்ஸ்சர் படங்கள் இருந்த ஃபோல்டரின் மொத்த அளவு 300 எம்பி. கிராபிக்ஸ் கார்டில் இருப்பதோ 6 ஜிபி. இருபது மடங்கு இடம் இருந்தும் F12 அழுத்திய சில நொடிகளில் ரெண்டர் நின்று, திரையில் இப்படி ஒரு வரி வந்தது:

```
System is out of GPU and shared host memory
```

பிளெண்டரில் வீட்டு உள்ளலங்காரப் படங்கள் செய்கிறவர்கள் இந்த வரியை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது, சாம்பிள் எண்ணிக்கையைக் குறைப்பது. 1024 சாம்பிளை 128 ஆக்கினால் ரெண்டர் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். மெமரியில் அது எதையும் மிச்சப்படுத்தாது. ஒவ்வொரு சாம்பிளும் அதே படங்களையும் அதே பொருள்களையும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அந்தப் படங்களும் பொருள்களும் முதலில் கார்டுக்குள் ஏற வேண்டும். சிக்கல் அங்கேதான்.

300 எம்பி எப்படிப் பெருகுகிறது? ஜேபெக் படம் என்பது சுருட்டிக் கட்டி வைத்த ஜமக்காளம். அலமாரியில் ஒரு சாண் இடம் போதும். ஆனால் உட்கார வேண்டுமென்றால் விரித்தாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டும் படத்தை விரித்துத்தான் வைத்துக்கொள்ளும். 4கே டெக்ஸ்சர் ஒன்றில் 4096 × 4096 புள்ளிகள். பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ஜின் வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் ஒதுக்குகிறது. பெருக்கினால் 64 எம்பி. வட்டில் அந்த ஜேபெக் 5 எம்பியோ 2 எம்பியோ, கார்டுக்குள் போனால் 64தான். ஜேபெக்கின் தரத்தைக் குறைத்துச் சேமித்தாலும் 64தான். நீள அகலம் மட்டுமே கணக்கு. அதனால்தான் இரண்டையும் பாதியாக்கி 2கே ஆக்கினால் 64 எம்பி 16 ஆகிறது. 1கே ஆக்கினால் 4.

கேமராவில் தெரியாததை எல்லாம் எதற்கு ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். சைக்கிள்ஸ் ஒளிக்கதிரைத் துரத்திப் போகிறது. கேமராவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் திரைச்சீலையின் நிறம் எதிர்ச் சுவரிலும் டைல்ஸ் பளபளப்பிலும் விழக்கூடும். கதிர் எங்கே போய் மோதும் என்று முன்கூட்டியே தெரியாததால், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் அது வேலையைத் தொடங்குகிறது.

இனி அந்த ஹாலின் கணக்கு. இருபது மெட்டீரியல்கள்: தரை, சோஃபா, கார்பெட், டீப்பாய், சுவர், திரைச்சீலை, ஷோகேஸ் மரம் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் நிறத்துக்கு ஒன்று, சொரசொரப்புக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று என மூன்று 4கே படங்கள். அறுபது படங்கள் × 64 = 3840 எம்பி. ஜன்னலுக்கு வெளியே வானமாக 8கே ஹெச்டிஆர் படம் ஒன்று. ஹெச்டிஆரில் ஒரு புள்ளிக்குப் பதினாறு பைட் என்பதால் அது ஒன்றே 512 எம்பி. பலரும் கவனிக்காத இடம் இது: 16கே வானத்தைப் போட்டால் அதற்கு மட்டும் 2 ஜிபி போய்விடும். ஆக, ஒரு நாற்காலிகூட வைக்கும் முன்பே 4352 எம்பி. இதற்கு மேல் விண்டோஸ், பிரவுசர், பிளெண்டரின் சொந்தத் திரை எல்லாம் அதே கார்டில் இடம் கேட்கின்றன.

கார்டு நிரம்பியதும் சைக்கிள்ஸ் உடனே கைவிரிப்பதில்லை. டெக்ஸ்சர்களில் சிலவற்றைக் கணினியின் சாதாரண ராமில் இறக்கிவைத்து, தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியில் shared host memory என்று வருவது அதைத்தான். அப்போது ரெண்டர் நடக்கும், ஆனால் மந்தமாக. நேற்றுவரை ஓடிய காட்சி இன்று காரணமில்லாமல் மெதுவானால், டாஸ்க் மேனேஜரில் Performance பகுதிக்குப் போய் GPU-வின் Dedicated GPU memory எண்ணைப் பாருங்கள். விளிம்பில் நின்றால், கடன் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கணினியில் ராமும் 8 ஜிபிதான். கடன் கொடுக்கும் இடமும் காலி. அப்போதுதான் அந்த வரி வந்தது.

வெட்டத் தொடங்கும் முன், எதை வெட்டுவது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு நிமிடச் சோதனை உண்டு. Render Properties-இல் Simplify-ஐத் தேர்ந்து, அதில் Render பகுதியின் Texture Limit-ஐ 128 ஆக்கிவிட்டு F12 அழுத்துங்கள். எந்தப் படமும் 128 புள்ளிக்கு மேல் ஏறாது. படம் கலங்கலாகத்தான் வரும், பரவாயில்லை. ரெண்டர் ஓடிவிட்டால் இடத்தை அடைத்தது டெக்ஸ்சர். அப்போதும் அதே பிழை வந்தால், அடைப்பது பொருள்களின் வடிவங்கள். ஹாலில் இந்தச் சோதனை ஓடியது.

அதே Texture Limit-ஐ 2048 என்று வைத்துவிட்டு வேலையை முடிப்பவர்களும் உண்டு. அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் அது ஒரே கத்தியால் எல்லாத் தலையையும் மொட்டையடிக்கிற வழி. காலடியில் கிடக்கும் கார்பெட்டும் மூலையில் கிடக்கும் பூத்தொட்டியும் ஒரே அளவுக்குக் குறையும்.

நான் படத்திலேயே அளந்து பார்க்கிறேன். இறுதிப் படம் 1920 புள்ளி அகலம். அதில் சுவரில் மாட்டிய ஓவியம் பிடிக்கும் அகலம் சுமார் 200 புள்ளி. அதற்கு 4096 புள்ளிப் படம் எதற்கு? திரையில் பிடிக்கும் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் தாராளம். சுவர்ப் பூச்சு போலத் திரும்பத் திரும்ப ஒட்டப்படும் டெக்ஸ்சர் என்றால் இன்னும் குறைக்கலாம். ஒரே சுவரில் பத்து முறை வரும் படத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் கிடைப்பது கொஞ்சம் புள்ளிகளே. இப்படிப் பார்த்ததில் கேமராவுக்கு நெருக்கமான நான்கு மெட்டீரியல்களை மட்டும் 4கேயில் விட்டேன்: பன்னிரண்டு படங்கள், 768 எம்பி. நடுவில் இருக்கும் எட்டை 2கே ஆக்கினேன்: 384 எம்பி. தூரத்து எட்டை 1கே: 96 எம்பி. வானத்தை 8கேயிலிருந்து 4கேயாக்க, 512 எம்பி 128 ஆனது. வெளியே பால்கனிக்கு அப்பால் மங்கலாகத் தெரியும் வானம், யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. கூட்டினால் 1376. கிட்டத்தட்ட 3 ஜிபி திரும்பக் கிடைத்தது. முந்தைய படத்தையும் இதையும் அருகருகே வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து குறைக்கத் தேவையில்லை. இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவி இருந்தால் ஒரு ஃபோல்டரை மொத்தமாகக் குறைத்து வேறொரு ஃபோல்டரில் போட்டுவிடும்:

```
mkdir 1k
magick mogrify -path 1k -resize "1024x1024>" *.jpg
```

கடைசியில் நிற்கும் > குறி, ஏற்கெனவே சிறிதாக இருக்கும் படத்தைப் பெரிதாக்காமல் காக்கிறது. அசல் படங்கள் அப்படியே இருக்கும். பிளெண்டரில் அந்தப் படத்தின் பாதையில் ஃபோல்டர் பெயரை மாற்றினால் போதும். இன்னொன்று: சொரசொரப்புப் படம் வெறும் கறுப்பு வெள்ளை. அதை ஒற்றை நிறக் கிரேஸ்கேலாகச் சேமித்தால் புள்ளிக்கு ஒரு பைட் போதும். 4கே படம்கூட 16 எம்பியில் முடிந்துவிடும். மாறாக, வண்ணப் படம் 16 பிட் பிஎன்ஜி என்றால் 64 எம்பி 128 ஆகும். இறக்கிய டெக்ஸ்சர் தொகுப்புகளில் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

128 சோதனையில் தோற்ற காட்சி என்றால் கதை வேறு. அங்கே முதலில் தேட வேண்டியது Subdivision மாடிஃபையர். அதில் Levels Viewport என்றும் Render என்றும் இரண்டு எண்கள் உண்டு. வேலை செய்யும் திரையில் 1 இருக்கும், ரெண்டரில் 4 ஒளிந்திருக்கும். அதனால்தான் வேலை செய்யும்போது லேசாக ஓடும் காட்சி F12-இல் மூச்சுத் திணறுகிறது. ஒவ்வொரு படிக்கும் தட்டைத் துண்டுகள் நான்கு மடங்காகும். 2,000 துண்டுள்ள சோஃபா மெத்தை நான்காம் படியில் 5,12,000. எட்டு மெத்தை என்றால் 40 லட்சத்தைத் தாண்டும். இரண்டாம் படியில் நிறுத்தினால் எட்டுக்கும் சேர்த்து 2,56,000. இந்தத் தூரத்தில் மெத்தையின் வளைவு இரண்டிலும் ஒன்றுபோலவே தெரியும்.

அடுத்தது பிரதிகள். ஒரு செடியை Shift+D கொடுத்துப் பன்னிரண்டாக்கினால் பன்னிரண்டு செடிகளின் வடிவமும் தனித்தனியே கார்டில் ஏறும். Alt+D கொடுத்தால் ஒரே வடிவத்தைப் பன்னிரண்டு இடங்களில் பயன்படுத்திக்கொள்ளும். இது பலருக்கும் தெரியும். தெரியாத பாதி இதுதான்: அந்தச் செடியில் மாடிஃபையர் இருந்தால், Alt+D பிரதிகளையும் சைக்கிள்ஸ் தனித்தனி வடிவமாகவே எடுத்துக்கொள்ளும். மாடிஃபையரை Apply செய்துவிட்டு, அதன் பிறகு பிரதி எடுங்கள்.

சில சில்லறை இடங்களிலும் மெமரி கசியும். திரையை Rendered நிலையில் வைத்துக்கொண்டே F12 அழுத்தினால் அந்த முன்னோட்டத்துக்கும் இறுதிப் படத்துக்கும் தனித்தனியாக இடம் போகும். முதலில் Solid-க்கு மாற்றுங்கள். Performance பகுதியில் Persistent Data தேர்ந்திருந்தால், பல பிரேம் அனிமேஷனுக்கு உதவும். ஒற்றைப் படத்துக்கு அது இடத்தை அடைத்துக்கொள்ளும். பொருளை மறைக்க அவுட்லைனரில் கண் சின்னத்தை அணைப்பது திரைக்கு மட்டும்தான். ரெண்டரிலிருந்து விலக்கக் கேமரா சின்னத்தை அணைக்க வேண்டும். கடைசி நூறு எம்பிக்குத் தவிக்கும்போது பிளெண்டரின் ஜன்னலையே திறக்காமல் கட்டளையில் ஓட்டலாம்:

```
blender -b hall.blend -f 1
```

இத்தனைக்கும் பிறகு அடங்காத காட்சிகள் உண்டு. லட்சக்கணக்கான முடியுள்ள கார்பெட், அறை முழுக்கப் புகை என்றால் டெக்ஸ்சரைக் குறைத்துப் பெரிய பயன் இல்லை. இன்னொரு 6 ஜிபி கார்டை வாங்கிப் பக்கத்தில் செருகினாலும் வழக்கமான அமைப்பில் 12 ஜிபி ஆகாது. இரண்டு கார்டிலும் முழுக் காட்சியும் ஏற வேண்டும். அப்போது Device-ஐ CPU என்று மாற்றிவிட்டு இரவெல்லாம் ஓடவிடுவதே வழி. ராம் போதுமான அளவு இருந்தால், மெதுவாக என்றாலும் படம் வந்துவிடும்.

4கே அசல் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஹாலைப் பார்த்து ஒப்புக்கொண்ட வாடிக்கையாளர், மறுநாள் அந்தச் சுவர் ஓவியத்தை மட்டும் கிட்டே காட்டச் சொல்வார்.