விளம்பரம் வந்ததும் ஏன் சத்தம் ஏறுகிறது?

கலிபோர்னியா மேலவை உறுப்பினர் டாம் அம்பெர்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கைக்குழந்தை. குழந்தையை ஒருவழியாகத் தூங்க வைத்துவிட்டு ஓடிடியில் ஏதாவது பார்க்க உட்கார்ந்தால், நடுவில் விளம்பரம் அலறிக்கொண்டு வந்து குழந்தையை எழுப்பிவிடும். இந்தச் சின்ன வீட்டுத் தொல்லையிலிருந்து ஒரு சட்டமே பிறந்தது. ஸ்ட்ரீமிங் தளங்களில் வரும் விளம்பரம், அதைச் சுமந்து வரும் நிகழ்ச்சியைவிட உரக்க ஒலிக்கக் கூடாது என்கிற அந்தச் சட்டத்தில் ஆளுநர் கேவின் நியூசம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். 2026 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என நாளும் குறிக்கப்பட்டது.

அமெரிக்காவின் தொலைக்காட்சிகளுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு முன்பே உண்டு. 'காம் ஆக்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் 2010 டிசம்பரில் நிறைவேறி, 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியாவிலும் 1994-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதி, விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி உரக்க இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் எது அளவு, எதைக் கொண்டு அளப்பது என்று அந்த வரி சொல்வதில்லை. உண்மையில் கடினமான கேள்வி அதுதான்.

நீண்ட காலம் ஒளிபரப்பு நிலையங்கள் ஒலியின் உச்சத்தை மட்டுமே அளந்துவந்தன. மின்னலைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஒலி சிதையும். படமும் அந்த வரம்புக்குள்தான் வரும், விளம்பரமும் அந்த வரம்புக்குள்தான் வரும். வித்தியாசம், எத்தனை நேரம் அந்த உச்சத்தின் அருகே இருக்கிறது என்பதில். ஒரு படத்தில் வெடிகுண்டு வெடிக்கும் கணத்தில் மட்டும் ஒலி உச்சத்தைத் தொடும்; மற்ற நேரமெல்லாம் பேச்சு வெகு கீழே ஓடும். விளம்பரம் தயாரிப்பவர்களோ மெல்லிய ஒலிகளைத் தூக்கி, உரத்த ஒலிகளை அழுத்தி, முப்பது விநாடியும் உச்சத்தை ஒட்டியே ஓடும்படி செய்துவிடுவார்கள். கருவியைப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. காது மட்டும் ஏற்காது. நம் காது உச்சத்தைவிட, கொஞ்ச நேரம் நீடிக்கும் ஒலியின் சராசரியைத்தான் சத்தம் என்று உணர்கிறது.

காதைப் போல அளக்கும் ஒரு முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வெளியிட்டது. பிஎஸ் 1770 என்பது அதன் எண். அடித்தொண்டை முழக்கங்களைக் குறைத்தும், காது கூர்மையாகக் கேட்கும் மேல்தாய் ஒலிகளைக் கூட்டியும் கணக்கிட்டு, முழு நிகழ்ச்சிக்கும் ஒரே ஒரு சராசரி எண்ணை அது தரும். ஒரு ஓட்டை இருந்தது. முதல் இருபது விநாடி ஏறக்குறைய மௌனம், கடைசிப் பத்து விநாடி அலறல் என்று ஒரு விளம்பரம் எடுத்தால் சராசரி தாழ்ந்து தப்பித்துவிடும். அதனால் 2011-ல் வந்த திருத்தத்தில், மிக மெல்லிய பகுதிகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவிடும் ஏற்பாடு நுழைந்தது. இந்த அளவுகோலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு; மற்ற எண்கள் அதிலிருந்து கீழே எண்ணப்படுபவை. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இலக்கு -24, ஐரோப்பாவுக்கு -23. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களில் பேச்சை மட்டும் அளந்து -27 இருக்க வேண்டும் எனக் கேட்கிறது.

இவ்வளவு செய்தும் நள்ளிரவில் விளம்பரம் ஏன் தூக்கிவாரிப் போடுகிறது? விதியை மீறாத விளம்பரம்கூட அப்படிச் செய்ய முடியும். காரணம், விதி பார்ப்பது முழுப் படத்தின் சராசரியை. காது ஒப்பிடுவது, சற்று முன் கேட்டதையும் இப்போது கேட்பதையும். இரண்டரை மணி நேரப் படத்தில் சண்டையும் உண்டு, மருத்துவமனைக் கட்டிலருகே தாயும் மகளும் கிசுகிசுக்கும் காட்சியும் உண்டு. சராசரி இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். விளம்பர இடைவேளை வருவதோ பெரும்பாலும் உணர்ச்சி முற்றிய ஓர் அமைதியான இடத்தில்.

எண்ணிக்கையில் போட்டுப் பார்க்கலாம். கிசுகிசுக் காட்சி -38-ல் ஓடுகிறது, படத்தின் வழக்கமான பேச்சு -27, சண்டை -15, விளம்பரம் சட்டப்படி சரியாக -24. மின்விசிறி ஓடும் அறையில் கிசுகிசுப்பைக் கேட்கப் பார்ப்பவர் ஒலியைக் கூட்டி வைத்திருப்பார். அந்த நேரத்தில் விளம்பரம் நுழைந்தால் 14 டெசிபல் துள்ளல். பத்து டெசிபல் ஏறினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். கூட்டிய ஒலியைக் குறைக்காமல் விட்டால், அடுத்து வரும் சண்டை 23 டெசிபல் மேலே எகிறும். சட்டத்தால் நிரப்ப முடியாத இந்த இடைவெளியை வீட்டில் இருக்கும் பெட்டிதான் நிரப்ப வேண்டும்.

அதற்கு இரண்டு வேறு வேறு வேலைகள் உண்டு. ஒன்று, சமன் செய்வது: ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்கு, படத்திலிருந்து விளம்பரத்துக்கு மாறும்போது ஒட்டுமொத்த ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. சாம்சங், எல்ஜி தொலைக்காட்சிகளில் Auto Volume என்றோ அதை ஒட்டிய பெயரிலோ ஒலி அமைப்புகளுக்குள் இருப்பது இதுதான். மற்றது, இரவுப் பயன்முறை: ஒரே காட்சிக்குள் கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் உள்ள தூரத்தையே சுருக்குவது. ஆப்பிள் டிவியில் Reduce Loud Sounds, சவுண்ட்பாரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் Night Mode அல்லது DRC என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் பரவலாக விற்கும் ரோக்கு கருவிகளில் இரண்டும் Leveling, Night எனத் தனித்தனியாகவே தரப்பட்டிருக்கின்றன. யூடியூப்பில் வீடியோவின் பற்சக்கரக் குறியைத் தொட்டால் Stable volume என்று ஒரு வரி வரும். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இரவுப் பயன்முறைக்குள் நடப்பது எளிய கணக்கு. பேச்சு மட்டமான -27-ஐ நடுக்கோடாக வைத்துக்கொள்கிறது என்போம். கோட்டுக்கு மேலே போகும் ஒலியில் நான்கு டெசிபலுக்கு ஒன்றை மட்டும் அனுமதிக்கிறது. கீழே இருப்பதைப் பாதித் தூரம் மேலே தூக்குகிறது. சண்டை கோட்டுக்கு 12 மேலே இருந்தது. இப்போது 3 மட்டுமே மேலே, அதாவது -24. கிசுகிசுப்பு 11 கீழே இருந்தது. இப்போது ஐந்தரைதான் கீழே. 23 டெசிபல் தூரம் எட்டரையாகச் சுருங்கிவிட்டது. விளம்பரமும் -26 அருகே அடங்கும். 14-ஆக இருந்த துள்ளல் ஆறு சொச்சத்துக்கு வந்துவிடும். கருவிக்குக் கருவி எண்கள் மாறும், செய்முறை இதுதான்.

ரிமோட்டில் இதை இயக்கியும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று பலர் கைவிட்டுவிடுவதுண்டு. பெரும்பாலும் கோளாறு கம்பி வழியில் இருக்கும். தொலைக்காட்சியோடு சவுண்ட்பார் இணைந்திருந்தால், டால்பி ஒலியைத் தொலைக்காட்சி பிரிக்காமல் கட்டிய மூட்டையாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பிவிடக்கூடும். பிரிக்காத ஒலியைத் தொலைக்காட்சியின் Auto Volume தொட முடியாது. சோதிப்பது சுலபம்: அதே காட்சியைத் தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அமைப்பை இயக்கியும் அணைத்தும் கேட்க வேண்டும். அதில் வித்தியாசம் தெரிந்து சவுண்ட்பாரில் தெரியாவிட்டால் இதுதான் காரணம். டிஜிட்டல் ஒலி வெளியீட்டை PCM என்று மாற்றினால் தொலைக்காட்சியே ஒலியைப் பிரித்து அனுப்பும்; அல்லது தொலைக்காட்சியில் அணைத்துவிட்டு, சவுண்ட்பாரின் சொந்த இரவுப் பயன்முறையை இயக்கலாம். சில ஆம்ப்ளிஃபையர்களில் இந்த வசதி டால்பி ஒலிக்கு மட்டுமே வேலை செய்யும். அங்கே PCM-க்கு மாற்றினால் பலன் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பேச்சு மட்டும் அமுங்கி, இசை தெளிவாகக் கேட்டால் குற்றவாளி வேறு. 5.1 ஒலித்தடத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள பெட்டி ஆறு தடங்களையும் இரண்டாகக் கலக்கும்போது பேச்சு, இசையோடும் இரைச்சலோடும் போட்டிபோட நேரிடும். செயலியில் மொழி தேர்வு செய்யும் இடத்தில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதை எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அமேசான் பிரைம் சில படங்களுக்கு, பேச்சை மட்டும் தூக்கித் தரும் Dialogue Boost என்ற தடத்தையும் கொடுக்கிறது.

மிகையாகப் போட்டால் இன்னொரு தொல்லை முளைக்கும். தொலைக்காட்சியில் ஒன்று, சவுண்ட்பாரில் ஒன்று, செயலியில் ஒன்று என மூன்றையும் ஒன்றாக இயக்கினால் ஒலி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். ஒருவர் பேசி நிறுத்தியதும் பின்னணியில் மழையோ போக்குவரத்தோ மெல்ல வீங்கி எழும். மறுபடி வாய் திறந்ததும் அமுங்கும். கருவி, மௌனத்தையும் தூக்கிக்காட்ட முயல்வதன் அடையாளம் இது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்தால் சரியாகிவிடும். சமன் செய்யும் அமைப்பு மெதுவாக வேலை செய்வதால், விளம்பரத்தின் முதல் ஒரு நொடி அதையும் மீறி உரக்க வருவது உண்டு. அது பழுதில்லை, அந்த முறையின் எல்லை.

இதற்கு ஒரு விலையும் கொடுக்கிறோம். இளையராஜாவின் பின்னணி இசையில் ஒற்றைப் புல்லாங்குழலிலிருந்து முழு இசைக்குழு எழும்பும் இடத்தை இரவுப் பயன்முறை தட்டையாக்கிவிடும். ஆகவே இரவில் படமும் செய்தியும் பார்க்கும்போது இயக்குங்கள். கச்சேரி கேட்கும்போதும், பகலில் முழு ஒலியில் படம் பார்க்கும்போதும் அணைத்துவிடுங்கள். விளம்பரத் துள்ளல் மட்டுமே தொல்லை என்றால் சமன் செய்யும் அமைப்பே போதும். கிசுகிசுப்பு கேட்காமல் சண்டை அலறினால்தான் இரவுப் பயன்முறை தேவை.