போர்டில் ஒட்டிய க்யூஆர் கோடு பழசாகாமல் இருக்க

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்க் கணக்கை டாஷ்போர்டாகப் போடுகிறோம். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, இந்த வாரம் எத்தனை லாரி வந்தது, வீட்டுக்கு எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் தெரியும். மாதம் பிறந்தால் புது கூகுள் ஷீட். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிய க்யூஆர் கோடோ ஜூனிலும் ஏப்ரல் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரல் ஷீட்டின் முகவரியையே நேராகக் கோடாக்கி அச்சடித்ததுதான் நாங்கள் செய்த தவறு. அச்சான கட்டங்களை மாற்ற முடியாது. கோடுக்குள் இருப்பது அந்த எழுத்துகள்தான்.

அதனால், மாறாத சின்ன முகவரி ஒன்றைக் கோடில் வைத்தோம். அதைத் திறப்பவரை அந்த மாத ஷீட்டுக்கு எங்கள் இணையதளமே அனுப்பிவிடும். எஞ்சின்எக்ஸ் சர்வரில் இதற்கு ஒரு வரி போதும்:

```
location = /neer { return 302 https://docs.google.com/...; }
```

மாதம் மாறினால் இந்த வரியில் ஷீட்டின் முகவரியை மாற்றி, சர்வரை `nginx -s reload` செய்தால் போதும். போர்டில் கை வைக்க வேண்டியதில்லை.

இதில் 302 என்ற எண் முக்கியம். அது 'தற்காலிகமாக அங்கே போ' என்று சொல்கிறது. 301 என்று போட்டால் 'நிரந்தரமாக மாறிவிட்டது' என்று பொருள். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை நம் சர்வரைக் கேட்காமலே பழைய ஷீட்டுக்குப் போய்விடக்கூடும். புதிதாக ஸ்கேன் செய்பவருக்குச் சரியாக வந்து, முன்பு செய்தவருக்கு மட்டும் பழைய கணக்கு வந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

முகவரி சிறியதாவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஷீட்டின் முகவரி சுமார் 100 எழுத்து; நடுத்தரப் பிழைதிருத்தத்தில் அதற்கு 41க்கு 41 கட்டம் வேண்டும். `https://example.org/neer` போன்ற 24 எழுத்துக்கு 25க்கு 25 போதும். அதே அளவுத் தாளில் ஒவ்வொரு கட்டமும் பெரிதாவதால், மங்கலான வராந்தாவில் சற்றுத் தள்ளி நின்றும் போன் படித்துவிடும். கோடு தயாரிக்க:

```
qrencode -l M -m 4 -s 20 -o neer.png "https://example.org/neer"
```

`-m 4` என்பது சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு விடும் வெள்ளை ஓரம். அலங்காரக் கரை போட்டு அதை மறைத்தால் ஸ்கேன் தடுமாறும்.

சுருக்கு முகவரிக்கு இலவசச் சேவைகளை நம்பினால், அவை மூடும்போது போர்டும் செத்துவிடும். கூகுளின் goo.gl சேவையே 2019இல் புது இணைப்புகள் தருவதை நிறுத்தியது. சொந்த டொமைன் இருந்தால் சாவி நம் கையில்.

ஒட்டுமுன், உங்கள் கூகுள் கணக்கில் நுழையாத ஒரு போனில் ஸ்கேன் செய்யுங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் ஷீட்டின் பகிர்வைச் சரிசெய்யுங்கள். கோடுக்குக் கீழே முகவரியையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மேலே யாராவது வேறு கோடு ஒட்டினால், போனில் வரும் முகவரி இதோடு ஒத்துப்போகாததை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்.