ஐகேலண்டர் கோப்பை அட்டவணையாக்குதல்

நாட்காட்டிச் செயலிகள் தரும் `.ics` கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். அதில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் இப்படி இருக்கும்:

```
BEGIN:VEVENT
DTSTART:20250114T200000Z
SUMMARY:ஆசிரியர் குழுக் கூட்டம்\,
  சென்னை
END:VEVENT
```

முதல் வேலை, உடைந்த வரிகளை ஒட்டுவது. ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்த வடிவத்தின் விதி. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிப்பதால் தலைப்புகள் சீக்கிரமே உடைகின்றன. இடைவெளியோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. ஒட்டும்போது ஒரே ஒரு இடைவெளியை மட்டும் நீக்க வேண்டும். மேலே இரண்டு இருப்பதால், மற்றொன்று தலைப்புக்கே உரியது. பிறகு `\,` என்பதைக் காற்புள்ளியாக மாற்ற வேண்டும்.

அடுத்தது நேரம். இறுதியிலுள்ள `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். இங்கே இரவு 8 மணி நள்ளிரவைக் கடந்து விடுவதால், தேதியும் மாறுகிறது:

| தேதி | நேரம் | தலைப்பு |
|---|---|---|
| 15-01-2025 | அதிகாலை 1.30 | ஆசிரியர் குழுக் கூட்டம், சென்னை |

தேதியை முதலிலேயே வெட்டியெடுத்து, நேரத்தை மட்டும் மாற்றினால் நிகழ்ச்சி ஒரு நாள் முன்னதாகப் பதிவாகிவிடும். `TZID` என்ற குறிப்பு இருந்தால், அது சொல்லும் ஊரின் நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். `VALUE=DATE` என்றிருந்தால் அது முழுநாள் நிகழ்ச்சி. அதன் தேதியை மாற்றக் கூடாது.

வாராந்திர நிகழ்ச்சிகள் `RRULE` வரியோடு ஒரே பதிவாக வரும். அந்த விதியை விரித்து எழுதாவிட்டால் அட்டவணையில் முதல் நாள் மட்டுமே இருக்கும்.