ஒரு வருட வாரண்ட்டி எந்த நாளில் முடிகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி வெந்துகொண்டிருக்கிறது, தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாருக்குள். சுவிட்சைத் திருப்பினால் மிக்ஸி ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. லேசாகக் கருகல் வாடை. பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால், வாங்கிய தேதி 10 மார்ச் 2023. இன்று 10 மார்ச் 2024. வாரண்ட்டி ஒரு வருடம். அது இன்று உயிரோடு இருக்கிறதா, இல்லையா?

அட்டையில் ‘12 மாதம்’ என்று இருக்கிறதா, ‘365 நாள்’ என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது பதில். பேச்சில் இரண்டும் ஒரு வருடம்தான். காலண்டரில் அப்படியில்லை.

மாதக் கணக்கு தேதியைப் பிடித்துக்கொண்டு நகரும். மார்ச் 10-க்கு 12 மாதம் கழித்து வருவது மார்ச் 10 தான். நடுவில் எத்தனை நாள் வந்தது என்று அது பார்ப்பதில்லை. நாள் கணக்கோ ஒவ்வொன்றாக எண்ணும். 2024 லீப் வருடம் என்பதால் பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து எண்ணிவிடும். வாங்கிய மறுநாளை முதல் நாளாக வைத்து எண்ணினால், 365-வது நாள் 9 மார்ச் 2024. சனிக்கிழமையே வாரண்ட்டி முடிந்துவிட்டது!

இன்னொரு சிக்கல், வாங்கிய நாளையும் சேர்ப்பதா என்பது. வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது முதல் நாளையும் சேர்த்து எண்ணுவதால்தான். அப்படிச் சேர்த்தால் இரண்டு கணக்கிலும் ஒரு நாள் குறையும். 12 மாதம் மார்ச் 9-லும், 365 நாள் மார்ச் 8-லும் முடியும். ஒரே பில்லுக்கு மூன்று கடைசித் தேதிகள்: 8, 9, 10.

இதில் சட்டத்தின் வழக்கம் என்ன? 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, ‘மாதம்’ என்றால் ஆங்கிலக் காலண்டர் மாதம். ஒரு தேதியிலிருந்து என்று சொன்னால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். மூன்று மாதம் என்பது 90 நாள் அல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் விளக்கியது. 12 நவம்பர் 2007-லிருந்து கணக்கிட்ட மூன்று மாதம் 12 பிப்ரவரி 2008-ல் முடிந்தது. 90 நாளாக எண்ணியிருந்தால் பிப்ரவரி 10-லேயே முடிந்திருக்கும்.

ஆனால் இது சட்டங்களைப் படிப்பதற்கான விதி. வாரண்ட்டி அட்டை வாங்கியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். எப்படி எண்ண வேண்டும் என்று அட்டையிலேயே தெளிவாக எழுதியிருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எழுதாமல் ‘12 மாதம்’ என்று மட்டும் இருந்தால், மேலே சொன்ன வழக்கத்தைக் காட்டி மார்ச் 10 வரை நமக்கு உண்டு என்று வாதாடலாம்.

அட்டையில் 12 மாதம் என்று இருந்தும், சர்வீஸ் சென்டர் கணினி ‘வாரண்ட்டி முடிந்தது’ என்று காட்டுவதுண்டு. வாங்கிய தேதியோடு 365-ஐக் கூட்டும்படி அதில் எழுதி வைத்திருப்பார்கள். எக்செல் தெரிந்தவர்கள் வித்தியாசத்தை நேரடியாகப் பார்க்கலாம். A1 கட்டத்தில் வாங்கிய தேதியைப் போட்டு, இந்த இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் தட்டுங்கள்:

```
=EDATE(A1,12)
=A1+365
```

இரண்டு கட்டங்களையும் தேதி வடிவத்தில் வைத்தால், முதலாவது மார்ச் 10 என்று காட்டும். இரண்டாவது மார்ச் 9. அப்படி நேர்ந்தால் கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அட்டையில 12 மாசம்னுதானே சார் போட்டிருக்கு, நீங்க ஏன் நாள் கணக்கு பார்க்கறீங்க?”

இந்தச் சிக்கல் எல்லா வருடமும் வராது. நடுவில் பிப்ரவரி 29 விழுந்தால்தான் வரும். அடுத்து, 1 மார்ச் 2027 முதல் 28 பிப்ரவரி 2028 வரை வாங்கும் பொருள்களில் இரண்டு கணக்குக்கும் ஒரு நாள் இடிக்கும். பிப்ரவரி 29 அன்றே வாங்கினால் இடிக்காது. மறு வருடம் அந்தத் தேதியே இல்லாததால், மாதக் கணக்கும் பிப்ரவரி 28-லேயே நின்றுவிடும். நீண்ட வாரண்ட்டியில் இடைவெளி கூடும். அதே 10 மார்ச் 2023-ல் வாங்கிய பொருளுக்கு ஐந்து வருடம் என்றால் 10 மார்ச் 2028. 1,825 நாள் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே முடியும்.

சரி, மிக்ஸி? ஞாயிறு, சர்வீஸ் சென்டர் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை போகலாம் என்று விட்டால் தேதி 11 ஆகிவிடும். எந்தக் கணக்கும் அதைக் காப்பாற்றாது. அதனால் சட்னியை அம்மியில் அரைக்கச் சொல்லிவிட்டு, இன்றே கட்டணமில்லா எண்ணிலோ வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணை பில்லின் பின்பக்கம் குறித்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே பேசும்போதும் முதலில் தேவைப்படப்போவது, மார்ச் 10 என்று தேதி விழுந்த அந்தப் பதிவுதான்.